பதினோரு சென்சாரும் ஒரு பக்கக் கடிதமும்

எங்கள் அறையில் இரண்டு பேருக்கு ஒரு மேசை. கீழே டயர் கடை. பகல் முழுக்கக் காற்றடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் எங்களுக்குக் காது இருப்பதே ஞாபகம் வரும். அந்த மேசையில் என் பாதியில் புத்தகங்களும் ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தன. என் அறைத் தோழனின் பாதியில் மண் இருந்தது. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமான மண்தான். மூடி போட்ட ஜாம் பாட்டில்களில், எந்தத் தோட்டம், எத்தனை அடி ஆழம் என்று சீட்டு ஒட்டி, வரிசையாக.

கல்லூரியில் அவனுக்குக் குழிக்காரன் என்று பேர். மண்ணியல் வகுப்பில் நாங்கள் எல்லோரும் முழங்கால் அளவுக்குத் தோண்டிவிட்டு, மீதியைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து கொடுத்தோம். அவன் மட்டும் தோள் மறையும்வரை தோண்டி, உள்ளே நின்றபடியே படம் வரைந்தான். வெளியே வர முடியாமல் தவித்தவனை நாங்கள்தான் கையைப் பிடித்து இழுத்துவிட்டோம். அன்று விழுந்த பேர். அப்புறம் எந்த வயலுக்குப் போனாலும் முதலில் பையிலிருந்து களைக்கொத்தை எடுப்பான். "என்ன சார், செடிக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா, புதையல் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்காத விவசாயி இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் வேளாண் பட்டதாரிகள். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி எழுதிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு அப்பா சுவரில் ஆணி அடித்தபோது, ஆணி வளைந்து வளைந்து மூன்று முறை விழுந்தது. நாலாவது ஆணி நின்றது. அந்த ஆணியைப் பற்றி இன்றும் எனக்குப் பெருமைதான். அவன் வீட்டிலும் அதே கதை. அவன் அம்மா கூலிக்குக் களையெடுக்கப் போகிறவர். மகனிடம், "படிச்சு முடிச்சுட்டு மறுபடி வயலுக்கே போறியே, அதுக்கு என்கூடவே வந்திருக்கலாம்ல" என்று சிரிப்பார்.

நான் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தேன். அவன் ஓர் உரக்கடையில். கடை முதலாளி அவனுக்குக் கொடுத்த வேலை, மூட்டை வாங்கியவர்களின் தோட்டத்துக்குப் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வருவது. பதினான்கு மாதத்தில் நாற்பத்தொரு தோட்டம். எல்லாம் நீல அட்டை போட்ட இரண்டு நோட்டுகளில் தேதி வாரியாக இருந்தன.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. வயலில் ஈரம் பார்க்கும் சென்சார் வைத்து, இன்றைக்குத் தண்ணீர் விடு, இன்றைக்கு வேண்டாம் என்று விவசாயியின் போனுக்குச் செய்தி அனுப்பும் கம்பெனி. கள அலுவலர் வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் சென்சார் நடவேண்டும், செய்தி சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும், விவசாயிக்குப் புரியவைக்கவேண்டும். "உங்கள் வயல் அனுபவம் இந்தப் பணிக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

"மச்சான், இது உனக்காகவே அடிச்ச விளம்பரம்டா," என்றேன்.

"எழுதிக் கொடு," என்றான்.

கடிதம் எழுதுவது எங்கள் அறையில் என் இலாகா. நான் எழுதிய கடிதங்களில் அவன் அதுவரை இருபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பித்திருந்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. எல்லாவற்றிலும் அவன் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவன், புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உடையவன். யாருடைய பேரை மேலே போட்டாலும் பொருந்தும். என் கடிதமும் அதேதான். எனக்கும் பதில் வந்ததில்லை.

இந்த முறை தோட்டங்களைப் பற்றி எழுதுவோம் என்று முடிவு செய்தேன். நோட்டைப் புரட்டினேன். மிளகாய், கத்தரி, மக்காச்சோளம், கல்லூரிக் கடைசி வருடம் ஒரு கிராமத்தில் தங்கிச் செய்த பயிற்சியில் பார்த்த நெல் வயல்கள், எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு வரி எடுத்தேன். புதன்கிழமை காலைக்குள் அருமையான ஒரு பக்கம் தயார். கடைசிக்கு முந்தைய பத்தியில், அந்தக் கம்பெனியின் சென்சாரையே அவன் பதினோரு தோட்டங்களில் நட்டிருக்கிறான் என்பதையும் போட்டேன். உரக்கடை முதலாளிதான் அந்த வட்டாரத்தில் அதை விற்றவர். நட்டுக் கொடுத்தவன் இவன்.

"இத விட என்னடா வேணும்? அவங்க பொருளையே நட்டவன் நீ. இத முதல் பத்திக்குக் கொண்டு போயிடலாம்," என்றேன்.

அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தான்.

"அதப் போட்டா தக்காளி அக்கா கதையும் போடணும்."

தக்காளி அக்காவின் கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். அன்று முழுதாகச் சொன்னான்.

அந்த அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் தோட்டம், மணல் கலந்தது. கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறவர். விவசாயம் முழுக்க அக்காவின் பொறுப்பு. செடிக்குச் செடி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப் குழாய் போட்டுத் தக்காளி வைத்திருந்தார். இவன் போய் சென்சாரை நட்டான். பெட்டியில் வந்த தாளில் "செடிக்கு அருகில், டிரிப் குழாயை ஒட்டி, இருபது சென்டிமீட்டர் ஆழத்தில்" என்று படத்தோடு இருந்தது. ஊரெல்லாம் தோண்டுகிறவன் அன்றைக்கு மட்டும் தோண்டிப் பார்க்கவில்லை. வெள்ளை வெளேரென்று பெட்டி, பளபளவென்று தாள், படித்தவர்கள் செய்த பொருள், அவர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டான். தண்ணீர் சொட்டுகிற துளைக்கு நேர் கீழே புதைத்துவிட்டு வந்தான்.

மறுநாளிலிருந்து அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. மண் ஈரமாக இருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் குறைக்கலாம். அக்கா நாற்பது நிமிடம் விட்டுக்கொண்டிருந்தவர், பதினைந்து நிமிடமாகக் குறைத்தார். மூன்று வாரத்தில் காய்களின் அடிப்பக்கம், காம்புக்கு எதிர்ப்பக்கம், கறுப்பாக வட்டம் விழுந்தது. இவனைக் கூப்பிட்டார். இவன் பார்த்துவிட்டு, கால்சியம் பற்றாக்குறை, இலையில் தெளிங்கக்கா என்று கடையிலிருந்து பாட்டில் கொடுத்தான். பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார். மறுபடி பாட்டில் கொடுத்தான்.

மூன்றாவது முறை போனபோது அக்கா பாட்டிலைப் பற்றிப் பேசவே இல்லையாம். "தம்பி, எல்லார் தோட்டத்துலயும் குழி தோண்டுவேன்னு சொல்றாங்க. என் தோட்டம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்குத் தோண்டினான். சொட்டுகிற துளைக்கு நேர் கீழே அகப்பை அளவுக்கு மண் கறுப்பாக, பிசுபிசுப்பாக. அதைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போனால் மாவு மாதிரி உதிர்ந்தது. மணல் மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். அந்த ஈர அகப்பைக்குள் சென்சார் சுகமாகப் படுத்துக்கொண்டு, எல்லாம் ஈரம் எல்லாம் ஈரம் என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. வேரில் முக்கால்வாசி வெளியே காய்ந்து கிடந்தது. மண்ணில் கால்சியம் இல்லாமல் இல்லை. அதைக் காய்க்குத் தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர்தான் இல்லை. இலையில் எத்தனை பாட்டில் தெளித்தாலும் காய்க்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

சென்சாரைப் பிடுங்கித் துளையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி நட்டான். தண்ணீர் நேரத்தைக் கூட்டச் சொன்னான். கறுத்த காய் கறுத்ததுதான், அது திரும்பாது. அதற்குப் பிறகு பிடித்த காய்கள் சுத்தமாக வந்தன. ஆனால் இரண்டு பறிப்பு போயிற்று.

"இதையா எழுதப் போற?" என்றேன். "அவங்க தாள்ல இருக்கிற படம் தப்புன்னு அவங்களுக்கே எழுதப் போறியா? அதோட நீயும் ரெண்டு தடவ தப்பா மருந்து கொடுத்தேன்னு?"

"ஆமா."

"வேலைக்கு எழுதுறியா, பாவமன்னிப்புக்கு எழுதுறியா?"

"வேலைக்குத்தான். அந்த வேலையே அதுதானடா. எங்க நடணும்னு தெரியணும். எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அவங்க கேக்குறாங்க. இப்படித்தான் தெரிஞ்சது."

எனக்குக் கோபம் வந்தது. இதை இன்று நிதானமாக எழுதுகிறேன், அன்று கத்தினேன். எங்கள் மாதிரி வீட்டிலிருந்து வருகிறவன் தப்புச் செய்தேன் என்று சொன்னால் அதோடு முடிந்தது என்று ஓர் எண்ணம் எனக்குள் எப்போதும் உண்டு. ஊரில் யாராவது இலையைக் கொண்டுவந்து காட்டினால், தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லிவிடுவேன். படித்தவன் தெரியவில்லை என்று சொன்னால் அப்பா அடித்த ஆணி கழன்றுவிடும் போல இருக்கும். "இருபத்து மூணு கடுதாசி போட்டு ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. இப்பதான் ஒரு வாசல் திறந்திருக்கு. அதுல போய் நானே கல்லெறியுறேன்னு நிக்கிறியேடா!" என்றேன்.

அவன் மேசையின் என் பாதியிலிருந்து ஒரு தாளை இழுத்து, தானே எழுத ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அவனைப் பார்க்க உரக்கடைக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே நின்று முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தாளைப் படித்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் முகத்தில் எதுவும் தெரியாது.

"கடைப் பேரு போட்டிருக்கியா?"

"இல்ல முதலாளி. நான் கொடுத்தேன்னுதான் போட்டிருக்கேன். கொடுத்தது நான்தான்."

"பாட்டில் வித்தது என் கடை."

"அது கால்சியம்னு எழுதிக் கொடுத்தது நான்."

முதலாளி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நீ போயிட்டா இந்த ஞாயித்துக்கிழம ஊர்சுத்தல் எல்லாம் யாரு பண்ணுவா?" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்சுத்தல் என்ன என்று எனக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்கை வாங்கிக்கொண்டு போவான். யாரோ பெண் விவகாரம் என்று நானாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் போனது மற்றப் பத்து சென்சார்களைப் பார்க்க. தக்காளி அக்கா தோட்டத்தில் குழி தோண்டிய மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறாக, யாரும் கூப்பிடாமல், யாரும் புகார் சொல்லாமல். பத்திலும் தோண்டிப் பார்த்திருந்தான். ஏழை மாற்றி நட்டிருந்தான். மூன்று தோட்டம் களிமண். அங்கே தண்ணீர் அகலமாகப் பரவியிருந்தது, வித்தியாசம் பெரிதாக இல்லை. அவற்றை மாற்றாமல் நோட்டில் குறித்து வைத்திருந்தான்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ பெண் விவகாரம்னு சந்தோஷமா இருந்த. எதுக்குக் கெடுக்கணும்?"

ஒரு வேலை பாக்கி இருந்தது. கடிதத்தில் அக்காவின் தோட்டத்தைப் பற்றி எழுதி, விசாரிக்க அவர் நம்பரையும் கொடுப்பதற்கு அவரிடம் கேட்கவேண்டும். கடை வாசலிலேயே போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டதால் தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டது.

"அக்கா, உங்க தோட்டத்தப் பத்தி ஒரு கம்பெனிக்கு எழுதப் போறேன். எழுதலாமா?"

"நல்லதா எழுதுவியா, கெட்டதா எழுதுவியா?"

"ரெண்டும்."

"ரெண்டு பாட்டில் கொடுத்தியே, அத எழுதினியா?"

"எழுதிட்டேன் அக்கா."

"ரெண்டு பறிப்பு போச்சே?"

"அதுவும்."

"அப்போ என் நம்பரக் கொடு. எவனாவது போன் பண்ணி நீ எழுதுனது பொய்யான்னு கேட்டா, இல்லப்பா, அவன் கொறச்சுத்தான் எழுதியிருக்கான்னு சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை அவன் எழுதியதை நான் லேப்டாப்பில் அடித்தேன். எழுத்துப்பிழைகளைத் தவிர ஒன்றையும் மாற்றவில்லை. மாற்ற விடவில்லை என்பதுதான் சரி. கடிதம் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய பணியமர்த்தல் அலுவலருக்கு, வணக்கம். உங்கள் விளம்பரத்தில் கண்ட கள அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். வேளாண்மையில் இளநிலைப் பட்டம் பெற்றவன். கடைசி ஆண்டில் ஒரு கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற்றேன். கடந்த பதினான்கு மாதங்களில் நாற்பத்தொரு தோட்டங்களுக்கு, மறுமுறை போனதையும் சேர்த்தால் நூற்று முப்பத்தாறு முறை போயிருக்கிறேன்.

அவற்றில் பதினோரு தோட்டங்களில் உங்கள் சென்சாரை நட்டவன் நான். முதலில் எல்லாவற்றையும் தவறாக நட்டேன். உங்கள் தாளில் உள்ள படத்தைப் பார்த்து, மண்ணைப் பார்க்காமல், தண்ணீர் சொட்டும் துளைக்கு நேர் கீழே நட்டேன். மணல் கலந்த மண்ணில் அந்த இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். அதனால் ஒரு தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் குறைந்து காய்களின் அடி கறுத்தது. நான் அதைக் கால்சியம் பற்றாக்குறை என்று எண்ணி இரண்டு முறை பாட்டில் மருந்து தவறாகக் கொடுத்தேன். இரண்டு பறிப்பு வீணாயிற்று. மூன்றாவது முறை குழி தோண்டியபோது காரணம் தெரிந்தது. பிறகு பதினோரு தோட்டங்களிலும் தோண்டிப் பார்த்து எட்டை மாற்றி நட்டேன். மூன்று களிமண் தோட்டங்களில் மாற்றவில்லை, அளவுகளை இணைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்கும் பணி, சென்சார் நடுவதும், செய்தி சரியா என்று பார்ப்பதும், விவசாயிக்குச் சொல்வதும். இந்த மூன்றிலும் நான் செய்த தவறும் திருத்தமும் மேலே உள்ளன. அந்தத் தோட்டத்தின் உரிமையாளர் நீங்கள் பேசுவதற்குச் சம்மதித்து எண் கொடுத்திருக்கிறார். ஒரு மாத முன்னறிவிப்புக்குப் பிறகு பணியில் சேர இயலும்."

கீழே கையெழுத்து. இணைப்பு: நோட்டிலிருந்து பதினாறு பக்கம், போனில் எடுத்த படங்கள்.

"கடின உழைப்பாளின்னு ஒரு வார்த்தையாவது போடலாமேடா," என்றேன்.

"நூத்து முப்பத்தாறு தடவன்னு போட்டிருக்கே."

மூன்று மணி இருபதுக்கு அனுப்பினோம். கீழே டயர் கடையில் ஏதோ டயர் வெடித்தது. "நல்ல சகுனம்" என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. நான் சொன்னேனே என்று சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு முறை சொல்லியும்விட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, உன் கம்பெனிக்காரங்க பேசினாங்க. ஒரு பொம்பளப் புள்ள. எட்டு நிமிஷம் பேசினேன். ஆறு நிமிஷம் உன்னத் திட்டினேன்."

"மீதி ரெண்டு நிமிஷம்?"

"அந்தப் புள்ள சிரிச்சுச்சு. நாளைக்குத் தோட்டத்துக்கு வருதாம். உன்னையும் வரச் சொல்லுது. சட்டய தேய்ச்சுப் போட்டுட்டு வா."

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனைப் பின்னால் உட்காரவைத்து பைக் ஓட்டினேன். சட்டை தேய்த்திருந்தான். தோளில் பழைய பை. உள்ளே களைக்கொத்து முதுகில் குத்துகிறது என்று வழி முழுக்க நெளிந்தான்.

கம்பெனியின் கள மேலாளர் எங்களுக்கு முன்பே வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கையில் அவன் கடிதம், அச்செடுத்து, பக்கம் முழுக்கப் பென்சில் கோடு.

"உங்க கடிதத்தப் படிச்சிட்டு ஆபீஸ்ல ரெண்டு பேர் இவரக் கூப்பிடவே வேண்டாம்னாங்க," என்று ஆரம்பித்தார். சுற்றி வளைக்கவில்லை. "நம்ம தாள் தப்புன்னு வெளிய சொல்றவர உள்ள எடுத்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. நான் நோட்டுப் பக்கங்களப் பாத்தேன். அதான் வந்தேன்."

"சரிங்க மேடம்," என்றான்.

பக்கத்தில் அக்கா புதிதாகக் கத்தரி நட்டிருந்த பாத்தி. மேடம் பையிலிருந்து ஒரு புது சென்சாரை எடுத்து நீட்டினார். "இங்க ஒண்ணு நட்டுக் காட்டுங்க."

அவன் வாங்கி வரப்பில் வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்து, "அக்கா, மோட்டாரப் போடுங்க," என்றான். அரை மணி நேரம் டிரிப்பில் தண்ணீர் ஓடியது. பிறகு நிறுத்தச் சொல்லி, தண்ணீர் இறங்கட்டும் என்று இன்னும் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தான். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அக்கா மட்டும் நிம்மதியாக அவித்த கடலையைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு களைக்கொத்தை எடுத்தான். சொட்டுகிற துளையைக் குறுக்காக வெட்டி, ஒரு பக்கம் சுவர் மாதிரி செதுக்கி, ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரலால் கோடு இழுத்தான். அடிக்கோலை வைத்து அளந்தான். இளம் செடியின் வேர் எதுவரை வந்திருக்கிறது என்று மண்ணை உதிர்த்துப் பார்த்தான். குழியை மூடினான். ஈரத்தின் விளிம்புக்கு உட்பக்கமாக, வேர் இருக்கிற ஆழத்தில் சென்சாரை இறக்கி, சுற்றி மண்ணை விரலால் அழுத்தி அழுத்திக் கெட்டித்தான்.

"ஏன் இவ்ளோ அழுத்துறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"லூசா விட்டா தண்ணி பக்கத்துல வழிஞ்சு நேரா சென்சாருக்கு இறங்கிடும் மேடம். மறுபடியும் ஈரம்னு பொய் சொல்லும்."

"அது எந்தத் தோட்டத்துல கத்துக்கிட்டீங்க?"

"ஒன்பதாவது. மிளகாய்த் தோட்டம். அதையும் தப்பாத்தான் முதல்ல நட்டேன்."

மேடம் சிரிக்கவில்லை. "ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆச்சு," என்றார். "எங்க ஆளுங்க ஒரு நாளைக்கு எட்டு நடணும். அது கணக்கு. நீங்க இப்படித் தோண்டினா?"

இதற்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். பழகினால் வேகம் வந்துவிடும், எட்டும் நட்டுவிடுவேன் மேடம். கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் பார்க்கவில்லை, விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரே மண்ணா இருக்கிற தோட்டங்க பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரு குழி போதும் மேடம். அப்படிச் சேத்துப் போட்டுப் போனா அஞ்சு வரும். எட்டு வராது. எட்டுன்னு சொல்லிட்டு வேலைக்கு வந்தா மறுபடியும் படத்தப் பாத்துத்தான் நடுவேன்."

அக்கா கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார். "ஏம்மா, எட்டு நட்டு எட்டையும் பிடுங்கி நடுறதுக்கு அஞ்சு பரவாயில்லையே. எனக்குப் போன ரெண்டு பறிப்ப உங்க எட்டுக் கணக்குல எங்க எழுதுவீங்க?"

மேடம் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். ஷூவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வண்டி வரை நடந்தார். ஏறும்போது, "அந்தக் களிமண் தோட்டம் மூணோட அளவையும் முழுசா எனக்கு அனுப்புங்க," என்றார்.

திரும்பி வரும்போது நான் பைக்கை வேகமாக விரட்டினேன். பாதி வழியில் பின்னாலிருந்து, "கோபமாடா?" என்று கேட்டான்.

"எட்டுன்னு சொல்லியிருந்தா இன்னிக்கே சட்டையில பேட்ஜ் குத்தியிருப்பாங்க."

"அஞ்சே அதிகம்னு இப்பத் தோணுது. மழைக்காலத்துல நாலுதான் வரும்."

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அப்போது நான்தான் அறையில் இருந்தேன். லேப்டாப்பும் என்னுடையது, எனவே முதலில் படித்தவன் நான். கள அலுவலர். ஆறு மாதம் தகுதிகாண் காலம். பணிகளின் பட்டியலில் மூன்றாவது வரி: சென்சார் நடுதல், நாளொன்றுக்கு ஐந்து. ஏழாவது வரி: நடும் முறை பற்றிய தாளைத் திருத்த உதவுதல், மண் வகை வாரியாக.

எட்டு என்று அச்சடித்து வைத்திருந்த கணக்கை இந்தக் குழிக்காரன் ஒருவன் ஐந்தாக்கியிருக்கிறான். நான் அந்த மூன்றாவது வரியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. கீழே இறங்கி உரக்கடை வரை ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். முதலாளி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "உனக்குக் கிடைச்சதா, அவனுக்கா? நீ அழுவுற," என்றார்.

அவன் தன் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தான். அடுத்தது தக்காளி அக்காவுக்கு. இந்த முறையும் ஸ்பீக்கர்.

"அக்கா, வேலை கிடைச்சிடுச்சு."

"அப்படியா! நல்லாரு தம்பி." அடுத்த மூச்சிலேயே, "அப்போ இனி என் தோட்டத்துக்கு வர்றது கடைக்காரனா, கம்பெனிக்காரனா?"

"கம்பெனிதான் அக்கா."

"சரி. வரும்போது வெறுங்கையோட வா. பாட்டில் எதுவும் கொண்டு வராத."

அன்று சாயங்காலம் நான் என் விண்ணப்பக் கடிதத்தைத் திறந்தேன். கடின உழைப்பாளி என்ற வரியை அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். போன வருடம் நாற்றுப் பண்ணையில் நாற்றுத் தட்டுகளை வெயிலுக்குப் பழக்காமல் அனுப்பி, ஒரு விவசாயியின் நாற்றுகள் நட்ட மூன்றாம் நாள் வதங்கிப்போன சம்பவம் ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அவர் வெயில் அதிகம் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

"மச்சான்," என்றேன். "ஞாயித்துக்கிழம எனக்கு பைக் வேணும்."

அவன் ஜாம் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். "உன் பைக்குதானடா," என்றான். பிறகு பையைத் திறந்து களைக்கொத்தை எடுத்து, மேசையில் என் பாதியில் வைத்தான்.